கையால் செய்த மக்கிலும் தட்டிலும் கிளேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் என் வீட்டுக் கொட்டிலில் சின்ன மின்சூளை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் வந்து களி பிசைவார்கள். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பூச்சாடியும் விளக்கும் செய்கிறவரை எவருக்கும் கவலை இல்லை. முதல் மக்கைச் சுட்டு எடுத்த அன்றுதான், அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாமா என்ற கேள்வி வரும். அப்படி வந்த கேள்விகளையும், இந்த மூன்று நான்கு வருடத்தில் நான் விட்ட பிழைகளிலிருந்து படித்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, கிளேஸ் வாங்கின வாளியில் ‘ஈயம் இல்லை’ என்று போட்டிருக்கு. அது போதாதா?

போதாது. அந்த வரி உள்ளே என்ன போடவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் சுட்டு முடித்த பிறகு அந்தக் கிளேஸ் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது.

கிளேஸ் என்பது களியின்மேல் உருகிப் படிந்த கண்ணாடி. அதன் உடம்பு சிலிக்கா. உருகும்போது வழிந்து ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும், அமிலத்துக்கு ஈடு கொடுக்க வைப்பதும் அலுமினா. இந்த இரண்டும் தனியாக நம் சூளையில் உருகாது. அவற்றை உருக்குவதற்குத்தான் போரன், சோடியம், கல்சியம் போன்றவை சேர்கின்றன. நிறத்துக்காகச் செம்பு, கோபால்ட், மங்கனீஸ் ஆகியவற்றின் ஒட்சைட்டு ஏதாவது போடுகிறோம். முழுதாக உருகினால் எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் பூட்டப்படும். அரைகுறையாக உருகினால் பூட்டு விழாது. புளிக்குழம்போ தேசிக்காய்ச் சாறோ பட்டால், அமிலம் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து உலோகங்களை மெதுவாக இழுத்து எடுக்கும். ஈயமே இல்லாத பச்சைக் கிளேஸ்கூட வேகாமல் இருந்தால் செம்பைக் கக்கும்.

அதனால் வாளியில் முதலில் தேட வேண்டியது சுடும் அளவு. அதைக் கோன் எண்ணில் சொல்வார்கள்; கோன் என்பது சூளைக்குள் வைக்கிற, சூட்டில் வளையும் சின்னக் கூம்பு. ‘கோன் 06’ என்று இருக்கிறதா, ‘கோன் 6’ என்று இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். அந்த ஒரு பூச்சியத்தில் 220 பாகைக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. 06 என்றால் ஏறக்குறைய 1000 பாகை. 6 என்றால் 1220 முதல் 1240 வரை, கடைசி நேரத்தில் எவ்வளவு வேகமாகச் சூடேற்றுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பூச்சியம் முன்னால் வந்தால் எண் கூடக் கூடச் சூடு குறையும். 04 என்பது 06ஐ விடச் சூடு கூடியது. புதிதாக வருகிற எல்லோரும் இங்கே தடுமாறுகிறார்கள்.

‘நச்சு இல்லை’ என்ற முத்திரையும் சில வாளிகளில் இருக்கும். அது பூசுகிறவரின் கைக்கும் மூச்சுக்கும் தருகிற உறுதி. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உகந்தது என்ற சொல் தனியாக இருக்க வேண்டும். அதுவும், வாளியில் சொன்ன சூட்டில் சுட்டால்தான் செல்லும்.

கன்ட்ரோலரில் 1220 என்று காட்டியது. அப்புறம் எதற்குக் கோன் வைக்க வேண்டும்?

கன்ட்ரோலர் அளப்பது, சூளைக்குள் நீட்டியிருக்கும் தேர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பியின் நுனி இருக்கும் இடத்தின் வெப்பத்தை. உங்கள் மக் வேறு இடத்தில் இருக்கிறது. அதோடு கிளேஸ் உருகுவதற்கு வெப்பம் மட்டும் போதாது, அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர வேண்டும். கோன் என்பது கிளேஸ் போலவே மூலப்பொருள்களால் செய்த சின்னக் கூம்பு. அதுவும் கிளேஸ் அனுபவிக்கிற அதே சூட்டையும் நேரத்தையும் அனுபவித்து வளைகிறது. அதனால்தான் எண்ணை விட அதை நம்புகிறேன்.

இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சொந்தக்காரப் பிள்ளையின் கலியாணத்துக்காக ஒன்பது பச்சை மக் செய்தேன். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த, கோன் 6இல் சுடும் களி. கிளேஸ் நானே கலந்தது, நிறத்துக்கு நூற்றுக்கு நாலு பங்கு செம்புக் காபனேற்று. மேல்தட்டில் ஆறு மக், கீழ்த்தட்டில் மூன்று. கன்ட்ரோலர் 1220 காட்டி நின்றது. சூளையைத் திறந்தபோது ஒன்பதும் பளபளவென்றுதான் இருந்தன. கீழே இருந்தவற்றில் மினுக்கம் கொஞ்சம் குறைவு. அது எனக்கு அழகாகவே தெரிந்தது.

கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மக்கின் அடியிலும் ஒரு தேசிக்காய் வட்டத்தை வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் கழுவிப் பார்த்தால் மேல்தட்டு மக் ஆறும் அப்படியே இருந்தன. கீழ்த்தட்டு மூன்றிலும் தேசிக்காய் இருந்த இடம் வட்டமாக வெளிறிப் போயிருந்தது. ஒரே வாளி, ஒரே களி, ஒரே சூளை. மாறியது தட்டு மட்டும்தான்.

அடுத்த சூட்டில் இரண்டு தட்டிலும் கோன் 5, 6, 7 மூன்றையும் ஒரு களிக்கட்டியில் நட்டு வைத்தேன். மேலே 6 நன்றாகக் குனிந்து நுனி தொட்டிருந்தது. கீழே 5 பாதிதான் வளைந்திருந்தது, 6 நேராக நின்றது. என் சூளையில் தேர்மோகப்பிள் மேல் பாதியில் இருக்கிறது. கீழே எவ்வளவு குளிர் என்று அதற்குத் தெரியாது.

திருத்தம் பெரிய வேலை இல்லை. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தி, சாமான்களை நெருக்காமல் அடுக்கினேன். கடைசி நூறு பாகையை மணிக்கு 60 பாகை வேகத்தில் ஏற்றி, உச்சியில் 20 நிமிடம் பிடித்து வைத்தேன். கீழேயும் கோன் 6 வளைந்தது. வெளிறிய மூன்று மக்கையும் அதில் திரும்பச் சுட்டேன். இரண்டு தேறின. மூன்றாவதில் கிளேஸ் தடிப்பாக இருந்த இடம் இன்னும் இலேசாக வெளிறியது. செம்பு நாலு பங்கு கூடிவிட்டது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். இப்போது இரண்டுக்கு மேல் போடுவதில்லை. மக்கின் உட்பக்கத்துக்கு நிறமே இல்லாத தெளிவான கிளேஸ்தான். நிறம் எல்லாம் வெளியே.

எங்கள் பக்கம் பின்னேரத்தில் வோல்ட் குறைவு. சூளை ஏறவே மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன செய்வது?

இரவு பத்து மணிக்குப் பிறகு உச்சச் சூட்டுக்குப் போகிற மாதிரி நேரம் வையுங்கள். 230 வோல்ட்டில் ஓட வேண்டிய சூளைக்கு 200 கிடைத்தால் சக்தி கால்வாசி குறைந்துவிடும், ஏனென்றால் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. ஆயிரம் பாகைக்கு மேல் சூளை வெளியே விடுகிற வெப்பமும் உள்ளே வருகிற வெப்பமும் சமமாகி அப்படியே நின்றுவிடும். சில கன்ட்ரோலர் பிழை காட்டித் தானாக அணைந்துவிடும். அப்படி நின்ற சூட்டில் வந்த மக்கைக் கோனைப் பார்க்காமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். நிறம் வந்திருக்கும், மினுக்கம்கூட வந்திருக்கும். கோன் நேராக நின்றால் அது வேகவில்லை. களி நன்றாக இருந்தால் திரும்பச் சுடலாம், கெட்டுப் போகாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்டு செய்தால் நல்ல வழி.

நான் செய்வது இரண்டு. முதலாவது மேலே சொன்ன தேசிக்காய். வெட்டிய பக்கம் கிளேஸில் படும்படி வைத்து ஓர் இரவு விடுவது. இரண்டாவது வினாகிரி. ஒவ்வொரு கிளேஸ் கலவைக்கும் விரலளவு அகலத்தில் இரண்டு களித்துண்டு செய்து, மக்கோடு அதே தட்டில் வைத்துச் சுடுவேன். ஒரு துண்டைக் கண்ணாடிப் போத்தலில் பாதி மூழ்கும்படி வெள்ளை வினாகிரியில் மூன்று நாள் விடுவேன். மற்றதை அலுமாரியில் வைப்பேன். மூன்றாம் நாள் எடுத்துக் கழுவி, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அந்தத் தொடாத துண்டு இல்லாவிட்டால் கண் ஏமாற்றிவிடும்.

பார்க்க வேண்டியவை: நிறம் மாறியிருக்கிறதா, மினுக்கம் போயிருக்கிறதா, வினாகிரி நின்ற மட்டத்தில் கோடு தெரிகிறதா, விரலால் தடவினால் மாவு போல ஏதாவது வருகிறதா. ஒன்று இருந்தாலும் அந்தக் கிளேஸ், அந்தச் சூட்டில், சாப்பாட்டுக்கு ஆகாது. தேங்காய் வினாகிரிக்கு நிறம் இருப்பதால் நான் அதை எடுப்பதில்லை.

இன்னொரு அறிகுறிக்கு வினாகிரியே தேவையில்லை. கரண்டியால் அடியைச் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்து கழுவினாலும் போகாவிட்டால் மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது, அது சரியாகக் கண்ணாடியாகாமல் இருக்கலாம். மங்கலான, மினுக்கமில்லாத கிளேஸ்களில் இது அடிக்கடி நடக்கும். அதெல்லாமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேண்டுமென்றே மங்கலாகச் செய்ததையும் வேகாமல் மங்கியதையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

வினாகிரிச் சோதனையில் ஒன்றும் மாறவில்லை. அப்ப ஈயம் இல்லை என்று சொல்லலாம்தானே?

சொல்ல முடியாது, இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். ஈயம் கிளேஸுக்கு நிறம் தருவதில்லை. அது கரைந்து போனாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லை. வினாகிரிச் சோதனை சொல்வது, ‘இந்தக் கிளேஸ் அமிலத்துக்குத் தாங்குகிறதா’ என்பதை மட்டும். தாங்காவிட்டால் உடனே ஒதுக்கலாம். தாங்கினால் அடுத்த படிக்குப் போகலாம் என்பதுதான் அர்த்தம்.

கடைகளில் விற்கிற ஈயம் கண்டுபிடிக்கும் பஞ்சுக்குச்சியும் அப்படித்தான். மேற்பரப்பில் ஈயம் நிறைய இருந்தால் நிறம் மாறும். மாறாவிட்டால், புளிக்குழம்பு ஊற்றி வைத்தால் வெளியே வராது என்று ஆகாது.

உண்மையான பதில் ஆய்வுகூடத்தில்தான். பாத்திரத்தில் 4 வீத அசற்றிக் அமிலத்தை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, மூடி, 22 பாகையளவில் 24 மணித்தியாலம் வைத்து, பிறகு அந்தத் திரவத்தில் எவ்வளவு ஈயமும் கட்மியமும் இருக்கிறது என்று கருவியால் அளப்பார்கள். கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் உலோகப் பகுப்பாய்வு செய்கிற இடம். அனுப்புவதற்கு முன் எந்தச் சோதனை வேண்டும், எத்தனை மக் வேண்டும், எவ்வளவு காசு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சூட்டில், ஒரே கலவையில் வந்த மக்குகளை அனுப்ப வேண்டும். வெவ்வேறு சூட்டில் வந்தவற்றைக் கலந்து அனுப்பினால் முடிவு எதைப் பற்றியது என்றே தெரியாது.

அறிக்கை வந்ததும் எண்ணை எப்படி வாசிப்பது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கோப்பைக்கும் மக்குக்கும் வைத்திருக்கும் ஈய எல்லை லீற்றருக்கு 0.5 மில்லிகிராம். தட்டையான பீங்கானுக்கு 3 மில்லிகிராம். கட்மியத்துக்கு இரண்டிலும் 0.5. இவை வியாபாரப் பொருளைத் திருப்பி அனுப்பலாமா என்று முடிவெடுக்கிற எல்லை. அந்த எல்லைக்குள் வந்ததால் நிம்மதியாகக் குடிக்கலாம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. 300 மில்லிலீற்றர் மக்கில் லீற்றருக்கு 0.5 என்றால் 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்ரோகிராம். அதே நிறுவனம் பிள்ளைகள் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு உட்கொள்வதற்கு வைத்திருக்கும் கணக்கு 2.2 மைக்ரோகிராம். ஒரு தேத்தண்ணி நேரத்தில் 24 மணித்தியால அமிலம் எடுக்கிற அளவு வராதுதான். என்றாலும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிற நமக்கு, ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிதான் இலக்கு. கலவையிலேயே ஈயம் போடாவிட்டால் அது கஷ்டமே இல்லை.

நான் ஈயம் போடவே இல்லை. பிறகு எங்கிருந்து வரும்?

மூன்று வழி கண்டிருக்கிறேன்.

முதலாவது பழைய சாமான். யாரோ ஒருவர் தொழிலை விடும்போது கிளேஸ் தூளைச் சாக்காக மலிவாகக் கொடுப்பார். ஃபிரிட் என்பது முன்கூட்டியே உருக்கி அரைத்த கண்ணாடித்தூள். ஈயம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. சாக்கில் ‘லெட் பைசிலிகேட்’, ‘லித்தார்ஜ்’, ‘ரெட் லெட்’ என்று எதுவும் எழுதியிருந்தால் தொடாதீர்கள். ஒன்றுமே எழுதாத சாக்கு அதைவிட மோசம். அந்தத் தூளை நீங்கள் கரைக்கும்போது மூச்சிலும் போகிறது, ஆகவே இது மக்கைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. எனக்கும் அப்படி ஒரு சாக்கு வந்தது. ஒன்றரை வருடம் மூலையில் வைத்திருந்துவிட்டு, கடைசியில் பெயர் தெரியாததால் திறக்காமலே ஒதுக்கினேன்.

இரண்டாவது சூளை. ஈயம் சூட்டில் ஆவியாகும். ஈயக் கிளேஸ் சுட்ட சூளையின் செங்கல்லிலும் தட்டிலும் அது படிந்து, அடுத்த சூட்டில் உங்கள் மக்கின்மேல் வந்து உட்காரும். சூளையைப் பழையதாக வாங்குகிறவர்கள் முன்னால் அதில் என்ன சுட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது மேற்பூச்சு. சுட்ட பீங்கானின்மேல் தங்கக் கோடு, பூப்படம் போட்டு 750, 800 பாகையில் திரும்பச் சுடுகிற நிறங்கள் இருக்கின்றன. அவ்வளவு குறைந்த சூட்டில் உருக வைக்கப் பழைய காலத்தில் ஈயத்தைத்தான் நம்பினார்கள். உதடு படுகிற இடத்தில் அவை வேண்டாம்.

இதோடு ஒன்று. ஈயக் கிளேஸில் செம்பு சேர்ந்தால் ஈயம் இன்னும் கூடுதலாக வெளியேறும். பழைய பச்சைக் கிளேஸ் பாத்திரம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

சிவப்பு மக் செய்ய ஆசை. கட்மியம் உள்ள நிறம்தான் நல்ல சிவப்பு என்கிறார்களே?

உண்மைதான். அந்தக் குருதிச் சிவப்பும் செம்மஞ்சளும் கட்மியம், செலீனியத்தின் வேலை. இப்போது வருகிற நிறத்தூள்களில் கட்மியத்தைச் சேர்கோனியம் சிலிக்கேற்று என்ற பொருளின் படிகத்துக்குள் பொதிந்து விற்கிறார்கள். பொதி உடையாத வரை வெளியே வருவது மிகக் குறைவு.

பொதி உடைவதற்கு இரண்டு வழி உண்டு. கிளேஸ் இன்னும் மென்மையாக வரட்டும் என்று ஆட்டுக்கல்லிலோ அரைக்கும் இயந்திரத்திலோ அந்தத் தூளை அரைப்பது ஒன்று. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், கரைத்து வடிகட்டினால் போதும். தூளை விற்றவர் சொன்ன சூட்டைத் தாண்டிச் சுடுவது மற்றது. சிவப்பு திட்டுத்திட்டாக வெளிறியோ கருத்தோ வந்தால் பொதி உடைந்திருக்கலாம். அந்த மக்கைப் பேனை வைக்கப் பாவியுங்கள்.

கட்மியம் உடம்பில் சிறுநீரகத்தில் சேர்ந்து பத்து, இருபது வருடம் தங்குகிற பொருள். அதனால் பொதிந்த நிறத்தையும் நான் வெளிப்பக்கத்துக்குத்தான் கொடுக்கிறேன். விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதன்மேல் தெளிவான கிளேஸ் ஒரு பூச்சு. இந்த 20 என்ற அளவு நான் கண்டுபிடித்ததில்லை, உதடு படும் பகுதியைச் சோதிக்கும்போது ஆய்வுகூடங்கள் எடுக்கிற அளவு அது. பிள்ளைகளின் கோப்பைக்கு நான் இந்த நிறத்தைத் தருவதே இல்லை. இரும்பால் வருகிற செங்கபிலம், குரோமியமும் தகரமும் சேர்ந்த இளஞ்சிவப்பு இரண்டும் கட்மியம் இல்லாதவை. அவ்வளவு கண்ணைப் பறிக்காது, ஆனால் கவலையும் இல்லை.

எங்கள் ஊர்க் களியில், சட்டி பானை சுடுகிற மாதிரியே சுட்டு, மேலே கிளேஸ் போட்டால் என்ன?

களி நல்லதுதான். சூடுதான் பிரச்சினை.

வைக்கோலும் தேங்காய் மட்டையும் விறகும் அடுக்கிச் சுடுகிற சூளையில் 700 முதல் 900 பாகை வரைதான் போகும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். தயிர்ச்சட்டிக்கு அது போதும். கிளேஸ் இல்லாத அந்தச் சட்டியின் ஈரம் கசிகிற தன்மைதான் எருமைத் தயிர் கெட்டியாக வருவதற்கு உதவுகிறது. அந்தச் சூட்டில் ஒழுங்காக உருகும் கிளேஸ் என்று தேடிப் போனால் கடைசியில் ஈயத்தில்தான் போய் முடியும். உலகத்தில் பல நாடுகளில் கிராமத்துக் குயவர்கள் நூற்றாண்டுகளாக ஈயம் பூசியதற்குக் காரணமே, அது குறைந்த சூட்டில் பளபளவென்று உருகுவதுதான். அந்தப் பாதையில் நாம் போகக் கூடாது.

சரி, அதே களியை மின்சூளையில் 1220க்கு ஏற்றினால்? நான் ஏற்றிப் பார்த்தேன். நம் சிவப்புக் களியில் இரும்பு நிறைய இருக்கிறது, அதுவே களியை உருக்கும். 1150 தாண்டியதும் தட்டு அப்பளம் போலக் கொப்புளித்து, வளைந்து, சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. பெயர்த்து எடுக்க உளி வேண்டியிருந்தது.

இடையில் ஒரு வழி இருக்கிறது. ஊர்க் களியைக் கோன் 04 வரை, அதாவது 1060 பாகையளவுக்கு முதற் சூடு சுட்டு, அதன்மேல் ஈயமில்லாத, போரன் ஃபிரிட்டால் செய்த கோன் 06 கிளேஸ் போட்டு 1000இல் சுடுவது. தட்டும் கிண்ணமும் இப்படிச் செய்யலாம். ஆனால் உள்ளே இருக்கும் களி தண்ணீரை உறிஞ்சும். எவ்வளவு என்று பார்க்க, கிளேஸ் போடாத சுட்ட துண்டை உலர்ந்த நிலையில் நிறுத்து, இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் அவித்து, இரவு அப்படியே ஊறவிட்டு, துடைத்துத் திரும்ப நிறுங்கள். என் துண்டு 200 கிராமில் இருந்து 228 ஆனது, 14 வீதம். கோன் 6 களித்துண்டு 200இலிருந்து 203தான் ஆனது.

14 வீதம் உறிஞ்சும் பாத்திரத்தைக் கழுவு தொட்டியில் ஊறப் போடக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உறிஞ்சிய தண்ணீர் சூடாகிப் பிடியே கையைச் சுடும். அடியையும் முழுதாகக் கிளேஸ் மூடி, அது சூளைத் தட்டில் ஒட்டாமல் இருக்க முக்காலி முள்ளில் நிறுத்திச் சுடுவது நல்லது.

சுட்டு ஒரு மாதத்தில் கிளேஸில் சிலந்தி வலை மாதிரிக் கோடு. பாவிக்கலாமா?

கோன் 6 களியில் என்றால், ஈயமில்லாத கிளேஸ் என்றால், உடனே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலம் குறையும், கறை பிடிக்கும். ஊர்க் களியில் என்றால் சாப்பாட்டுக்கு வேண்டாம். கோடு வழியாகக் குழம்பும் எண்ணெயும் களிக்குள் இறங்கி அங்கேயே பழுதாகி மணக்கத் தொடங்கும், கழுவியெடுக்க வழி இல்லை.

ஆறும்போது கிளேஸ் களியை விட அதிகமாகச் சுருங்குவதால் இது வருகிறது. ஒரு மாதம் கழித்து வந்ததற்குக் காரணம் நம் காற்று. உறிஞ்சும் களி ஈரத்தைக் குடித்து மெல்ல வீங்கும், மேலே உள்ள கண்ணாடியால் நீள முடியாமல் பிளக்கும். மாரி காலத்தில் எனக்கு இது கூடுதலாகத் தெரிகிறது. கிளேஸில் சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று கூட்டிச் சோதனைத் துண்டில் பாருங்கள். கூட்டும்போது கோன் இன்னும் முழுதாக வளைய வேண்டும், இல்லாவிட்டால் கோட்டைப் போக்கப் போய் வேகாத கிளேஸில் நிற்பீர்கள்.

அக்ரிலிக் பெயின்ட் அடித்து மேலே வார்னிஷ் பூசினால் சரியா?

சரியில்லை. அது பிளாஸ்ரிக் தோல், சூடான தேத்தண்ணிக்கு உரியும். பூச்சாடிக்கு மட்டும்.

நானே கலக்கக்கூடிய, நம்பிக்கையான உட்பக்கக் கிளேஸ் ஒன்று சொல்லுங்கோ.

கோன் 6க்குப் பலரும் பாவிக்கும் ஒரு கலவை இருக்கிறது, ஐந்து பொருள், ஒவ்வொன்றும் இருபது பங்கு. பெல்ட்ஸ்பார், சிலிக்கா, கயோலின், வொலஸ்ரோனைற்று, ஈயமில்லாத போரன் ஃபிரிட் 3134. கயோலின் நம் நாட்டில் மீட்டியாகொடையில் தோண்டப்படுகிறது, பெல்ட்ஸ்பார் மாத்தளைப் பக்கம் கிடைக்கிறது. ஃபிரிட்டும் வொலஸ்ரோனைற்றும் எடுப்பிக்க வேண்டியிருக்கும்.

முதலில் நூறு கிராம் மட்டும் கலந்து, முகமூடி போட்டு, துண்டில் சுட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பெல்ட்ஸ்பார் புத்தகத்தில் உள்ள பெல்ட்ஸ்பார் போலவே இருக்கும் என்று நினைக்கக் கூடாது, உருகுவது கொஞ்சம் முன்பின் ஆகும். கோன் 6 வளைந்து, துண்டு தெளிவாக உருகி, வினாகிரியில் மூன்று நாள் இருந்தும் மாறாமல் வந்தால் அடுத்ததாக ஒரு மக். புதுச் சாக்கு உடைத்தால் திரும்பவும் துண்டிலிருந்து.

பெரிய சஹன் செய்தால் மக்கைப் போலவே சோதிக்க வேண்டுமா?

ஆம், அதில் இன்னும் கவனம் வேண்டும். அகலமான தட்டின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டைப் பெறுவதில்லை. கனமான சூளைத் தட்டின்மேல் படுத்திருக்கும் நடுப்பகுதி பிந்திச் சூடாகும். தேசிக்காய் வட்டத்தை நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு என்று வைத்துப் பாருங்கள். ஆறு பேர் சேர்ந்து சோறும் கறியும் வைத்துச் சாப்பிடுகிற பாத்திரம் அது. கரண்டியும் நகமும் அதில் படாத இடமே இல்லை.

தேறாமல் போன மக்கை என்ன செய்வது? எறிய மனம் வரவில்லை.

கோன் வளையாததுதான் காரணம் என்றால் திரும்பச் சுடுங்கள், பாதிக்கு மேல் தேறும். கலவைதான் பிழை என்றால் சுட்டும் பயனில்லை. அப்படியானதை ‘அழகுக்கு மட்டும்’ என்று எழுதி வைத்தாலும், நாளைக்கு வீட்டுக்கு வருகிறவர் அதில்தான் தண்ணி ஊற்றிக் குடிப்பார். நான் அடியில் துளை போட்டு விடுகிறேன். ஓட்டில் துளை போடும் அலகை மெதுவாகச் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் உடையாது. கலியாணத்துக்குப் போகாத அந்த மூன்றாவது பச்சை மக்கில் இப்போது கற்றாழை நிற்கிறது.